சீனி கம்மி

காலை நாலரைக்கு பாய்லரைப் பற்ற வைத்துவிடுவேன். மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் கோயம்புத்தூர் வண்டி நிற்கிற பக்கம் என் கடை. முதல் டீயைக் கீழே ஊற்றிவிட்டுத்தான் வியாபாரம். அப்பா காலத்துப் பழக்கம்.

அன்றைக்கு முதலில் வந்தது ஒரு அப்பாவும் மகளும்.

"ரெண்டு டீ. பாப்பாவுக்கு சீனி கம்மி."

கோயம்புத்தூரில் மில் வேலையாம், அன்றைக்குத்தான் சேரப் போகிறாள். நான் டீயை ஆற்றி முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. அந்தப் பிள்ளை ஓடிப்போய் ஏறிக்கொண்டது. அவர் இரண்டு கிளாஸையும் வாங்கினார். தன்னுடையதைக் குடித்தார். அப்புறம் சீனி கம்மியையும் எடுத்து, வண்டி போன திசையைப் பார்த்தபடி கடைசிச் சொட்டு வரை குடித்தார். கீழே வைக்கும்போதுதான் பெஞ்சில் மஞ்சள் பை கண்ணில் பட்டது.

"ஐயோ, புளியோதரை! அவ ஆத்தா ராத்திரியெல்லாம் முழிச்சுக் கட்டுனது."

நல்லவேளை, அடுத்த வண்டி கண்டக்டர் நம்ம வாடிக்கை. பையை அவரிடம் கொடுத்து, சிங்காநல்லூரில் இறங்கி நிற்கச் சொல்லி மகளுக்குப் போன் போட வைத்தேன்.

அதன் பிறகு எட்டு மணி வரை தலை நிமிர நேரமில்லை. திருப்பூருக்குப் போகிற பையன்கள், கம்பம் வண்டிக்கு நிற்கிறவர்கள், லைட்டா ஒன்று, ஸ்ட்ராங்கா ரெண்டு.

பதினோரு மணிக்கு உசிலம்பட்டி வண்டியிலிருந்து ஒரு அப்பத்தா இறங்கி வந்து தூக்குவாளியை நீட்டியது. பெரியாஸ்பத்திரியில் தாத்தா படுத்திருக்கிறார்.

"டீயும் ரெண்டு வடையும் குடுய்யா. அங்க கஞ்சியாக் குடுக்குறாக. மனுசன் வடை வடைங்குறாரு."

"நீ ஒரு டீ குடி அப்பத்தா, காசு வேணாம்."

முந்தானை முடிச்சை அவிழ்த்து, சில்லறையை எண்ணி, நான் குடுத்த டீக்கும் சேர்த்தே வைத்தது. "ஓசியில குடிச்சா அவருக்கு ஆகாதுய்யா" என்றது. நான் அந்தக் காசைக் கல்லாவில் போடவில்லை. சாமி படத்துக்குக் கீழே வைத்தேன், இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மத்தியானம் ஈ ஓட்டினேன். நாலு மணிக்குத் திரும்ப பால் காய்ச்சினேன்.

விளக்குப் போடுகிற நேரத்தில் அந்த அப்பா வந்து ஒன்றும் கேட்காமல் அதே பெஞ்சில் உட்கார்ந்தார். ஏழரைக்கு வண்டி வந்தது. கண்டக்டர் இறங்கி மஞ்சள் பையைக் கொடுத்தார். உள்ளே தூக்குச்சட்டி, கழுவி, காய்ந்து இருந்தது.

"அங்கயே படியில உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான்ணே எந்திரிச்சுச்சு. என்னையும் ஒரு வாய் தின்னச் சொல்லுச்சு."

அவர் சட்டியைத் திறந்து மோந்து பார்த்தார். மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒரு டீ போடுங்க தம்பி," என்றார். "சீனி கம்மியா."