ஊருக்கு அனுப்பிய பணம்: 2025 கணக்கு நோட்டு

சோனாப்பூர் கேம்ப், துபாய். இதன் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து வீட்டுக்கு வாட்ஸப்பில் அனுப்புகிறேன். அங்கே செலவானதை என் மனைவி குரல் பதிவாகச் சொல்கிறாள், நான் இங்கே எழுதிக்கொள்கிறேன். போன வருஷம் தீபாவளிக்கு "அவ்வளவு பணம் எங்கே போச்சு" என்று நான் கேட்கப்போய் ரெண்டு வாரம் பேச்சில்லாமல் கிடந்தோம். கேட்டதும் தப்பில்லை, அவள் கோபப்பட்டதும் தப்பில்லை. எழுதி வைக்காததுதான் தப்பு.

எழுதும் முறை: "அனுப்பியது" என்பது கட்டணம் போக ரூபாயாக மாறிய திர்ஹம். "ரேட்" அன்றைக்குக் கொடுத்த ரேட். "நிஜ ரேட்" என்றால் வீட்டுக் கணக்கில் விழுந்த ரூபாயை, கட்டணத்தோடு சேர்த்து என் கையிலிருந்து போன மொத்த திர்ஹத்தால் வகுத்து வருவது. எக்ஸ்சேஞ்ச் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் எனக்கு இதுதான் கணக்கு. "கையிருப்பு" அவள் கணக்கில் மிச்சம் இருப்பது.

செலவுத் தலைப்பு ஏழு: வீடு, அம்மா, வட்டி, அசல், படிப்பு, விசேஷம், கையிருப்பு.

வருஷ ஆரம்பத்தில் கடன்: ஊரில் கைமாத்து 1,50,000, ரெண்டு வட்டி. விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் வாங்கியது. பேங்க் நகைக்கடன் 1,20,000, 4 பவுன், வருஷத்துக்கு 9 சதவீதம், நவம்பரில் கெடு.

ஜனவரி 5, ஞாயிறு
அனுப்பியது 1,500 | ரேட் 23.24 | கட்டணம் 24.15 | வந்தது ரூ. 34,860 | நிஜ ரேட் 22.87
வீடு 12,000, அம்மா 2,500, வட்டி 3,000, பொங்கல் 4,000, அசல் 10,000. கையிருப்பு 3,360.
கட்டணம் 23, அதுக்கு மேல் 5 சதவீதம் வாட். ரசீதை நோட்டில் ஒட்டியிருக்கிறேன்.
நகையை முதலில் மீட்கலாம் என்கிறாள். ஆவணியில் அவள் தங்கச்சி கல்யாணம். நான் சொன்னது: ரெண்டு வட்டி என்றால் வருஷத்துக்கு 24 சதவீதம், நகைக்கு 9தான். 24ஐ முதலில் அடைக்க வேண்டும். "சரிங்க" என்றாள். அந்த "சரிங்க" எனக்குச் சரியாகப் படவில்லை.

பிப்ரவரி 6
அனுப்பியது 1,700 | ரேட் 23.71 | கட்டணம் 24.15 | வந்தது ரூ. 40,307 | நிஜ ரேட் 23.38
வீடு 12,000, அம்மா 2,500, வட்டி 2,800, அசல் 20,000. கையிருப்பு 6,367.
ஓவர்டைம் நன்றாக இருந்தது. கைமாத்து அசல் 1,20,000க்கு இறங்கியது. ஒரே மாசத்தில் 47 பைசா ஏற்றம். திர்ஹம் டாலரோடு கட்டிப்போட்டது, ஒரு டாலர் 3.6725. அதனால் இங்கே ரேட் ஏறினால் ரூபாய் இறங்குகிறது என்றுதான் அர்த்தம். அனுப்புகிறவனுக்கு லாபம், ஊரில் பெட்ரோலும் எண்ணெயும் வாங்குகிறவர்களுக்கு நஷ்டம். ரெண்டு பேரும் ஒரே குடும்பம்.

மார்ச் 26
அனுப்பியது 1,600 | ரேட் 23.22 | கட்டணம் 24.15 | வந்தது ரூ. 37,152 | நிஜ ரேட் 22.87
வீடு 12,000, அம்மா 2,500, வட்டி 2,400, அசல் 15,000. கையிருப்பு 11,619.
இந்த மாசத்தை மறக்கக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். சம்பளம் 5ஆம் தேதியே கார்டில் ஏறிவிட்டது. அன்றைக்கு ரேட் 23.57. ரூமில் எல்லாரும் "24 தொடும், பொறு" என்றார்கள். பொறுத்தேன். தினமும் வேலை முடிந்து பஸ்ஸில் வரும்போது போனில் ரேட் பார்ப்பேன். 23.50, 23.41, 23.30. இறங்க இறங்க, நஷ்டத்தோடு அனுப்ப மனசு வரவில்லை. மூணு வாரம் போய்விட்டது. அதற்குள் வீட்டில் மளிகைக் கடையில் கடன் சொல்லி வாங்கியிருக்கிறாள். வட்டிக்காரர் வாசலில் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். பாப்பா எதிரிலேயே கேட்டாராம். 5ஆம் தேதி அனுப்பியிருந்தால் 37,712 கிடைத்திருக்கும். போனது 560 ரூபாய். வாசலில் நடந்ததற்கு நோட்டில் தலைப்பு இல்லை.
இனிமேல் சம்பளம் ஏறின ரெண்டு நாளுக்குள் அனுப்புவது. ரேட் எதுவானாலும் சரி.

ஏப்ரல் 6, ஞாயிறு
அனுப்பியது 1,525 | ரேட் 22.72 | கட்டணம் இல்லை | வந்தது ரூ. 34,648 | நிஜ ரேட் 22.72
வீடு 12,000, அம்மா 2,500, வட்டி 2,100, அசல் 15,000. கையிருப்பு 14,667.
பெருநாள் லீவு முடிந்த ஞாயிறு. எக்ஸ்சேஞ்சில் வரிசை வெளியே ரோடு வரை நின்றது. "கட்டணமே இல்லை" என்று ஒரு ஆப் விளம்பரம் பார்த்து அதில் அனுப்பினேன். அதே நேரம் எக்ஸ்சேஞ்ச் பலகையில் 23.17. ராத்திரி உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 1,525ல் 24.15 கழித்து, மீதி 1,500.85ஐ 23.17ஆல் பெருக்கினால் 34,775. இலவசம் என்று சொல்லி 127 ரூபாய் கூடவே எடுத்திருக்கிறார்கள். ரேட்டுக்குள் ஒளித்து வைத்தால் ரசீதில் தெரியாது.
இன்னொன்றும் பிடிபட்டது. 1,500 திர்ஹம் அனுப்பும்போது 24.15 கட்டணம் என்பது திர்ஹத்துக்கு சுமார் 37 பைசா. 3,000ஆகச் சேர்த்து அனுப்பினால் பாதி. ஆனால் ரெண்டு மாசம் வீடு காத்திருக்க முடியாது.

மே 5
அனுப்பியது 1,600 | ரேட் 22.86 | கட்டணம் 15.75 | வந்தது ரூ. 36,576 | நிஜ ரேட் 22.64
வீடு 12,000, அம்மா 2,500, வட்டி 1,800. பள்ளிக்கூடத்துக்கு ஒதுக்கி, கையிருப்பு 34,943.
எக்ஸ்சேஞ்ச்காரர்களின் ஆப்பிலேயே அனுப்பினால் கட்டணம் 15, வாட் 75 பில்ஸ். ரேட் ஒரு பைசாதான் குறைவு. இனி இதுதான். ரேட் விழுந்து கிடக்கிறது, இருந்தாலும் அனுப்பினேன். அசல் கட்டவில்லை, 90,000 நிற்கிறது.

ஜூன் 5
அனுப்பியது 1,600 | ரேட் 23.27 | கட்டணம் 15.75 | வந்தது ரூ. 37,232 | நிஜ ரேட் 23.04
வீடு 12,000, அம்மா 2,500, வட்டி 1,800, படிப்பு 46,000. கையிருப்பு 9,875.
ரெண்டு பிள்ளைகளுக்கும் வருஷ ஃபீஸ், புக், யூனிபார்ம், வேன். ஃபீஸ் ரசீதை அவளே போட்டோ எடுத்து அனுப்பினாள், நான் கேட்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு
அனுப்பியது 1,350 | ரேட் 23.24 | கட்டணம் 15.75 | வந்தது ரூ. 31,374 | நிஜ ரேட் 22.97
வீடு 12,000, அம்மா 16,500, வட்டி 1,800. கையிருப்பு 10,949.
ஜூன் 15லிருந்து செப்டம்பர் 15 வரை மத்தியானம் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை கிடையாது, சட்டம். சாரம் கட்டுகிற எங்களுக்கு அது உயிர். ஆனால் எங்கள் சைட்டில் ஓவர்டைமும் நின்றுபோனது, அதுதான் 1,350.
அம்மாவுக்கு வலது கண்ணில் புரை ஆபரேஷன், 14,000. மறுநாள் வீடியோவில் "மெலிஞ்சு போயிட்டியேடா" என்றார். பார்வை தெரிகிறது.

ஆகஸ்ட் 5
அனுப்பியது 1,450 | ரேட் 23.79 | கட்டணம் 15.75 | வந்தது ரூ. 34,496 | நிஜ ரேட் 23.53
வீடு 12,000, அம்மா 2,500, வட்டி 1,800. கல்யாணத்துக்கு நிறுத்தி, கையிருப்பு 29,145.

செப்டம்பர் 5
அனுப்பியது 1,450 | ரேட் 23.90 | கட்டணம் 15.75 | வந்தது ரூ. 34,655 | நிஜ ரேட் 23.64
வீடு 12,000, அம்மா 2,500, வட்டி 1,800, விசேஷம் 30,000. கையிருப்பு 17,500.
சீர், மொய், துணி எல்லாம் சேர்த்து 30,000. கல்யாண போட்டோ வந்தது. கழுத்தில் ஒரு செயின். "யாருது?" என்று கேட்டேன். "எங்க அக்காவோடது. மேடைக்கு ஏறுறப்ப மட்டும் போட்டுட்டு, இறங்கினதும் குடுத்துட்டேன்" என்றாள். 24 சதவீதம், 9 சதவீதம் என்று நான் ஜனவரியில் சொன்ன கணக்கு இப்போதும் சரிதான். ஆனாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அக்டோபர் 6
அனுப்பியது 1,900 | ரேட் 24.05 | கட்டணம் 15.75 | வந்தது ரூ. 45,695 | நிஜ ரேட் 23.85
வீடு 12,000, அம்மா 2,500, வட்டி 1,800, தீபாவளி 12,000. கையிருப்பு 34,895.
மார்ச்சில் காத்திருந்த 24 இப்போது தானாக வந்திருக்கிறது. ஓவர்டைமும் திரும்பிவிட்டது. அடுத்த மாசம் நகைக் கெடு, அதற்காக எதையும் தொடவில்லை.

நவம்பர் 5
அனுப்பியது 2,000 | ரேட் 24.04 | கட்டணம் 15.75 | வந்தது ரூ. 48,080 | நிஜ ரேட் 23.85
வீடு 12,000, அம்மா 2,500, கைமாத்து வட்டி 1,800, நகை வட்டி 10,800, நகை அசல் 40,000. கையிருப்பு 15,875.
மொத்தமாக மீட்க 1,30,800 வேண்டும். மாசச் செலவு போகக் கையில் 66,675தான். திருப்பி வைக்கலாம் என்று போனவளிடம், பவுன் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்கு இன்னும் கூடப் பணம் தருகிறோம் என்றிருக்கிறார்கள். ஜனவரி தொடக்கத்தில் பவுன் 57,000 சுமார். இப்போது 90,000ஐ ஒட்டி நிற்கிறது. அவள் எனக்குப் போன் போட்டாள், நான் வேலையில் இருந்தேன், எடுக்கவில்லை. அவளே முடிவு பண்ணிக் கேட்டிருக்கிறாள்: "கூடப் பணம் வேண்டாம் சார். விலை ஏறியிருக்குல்ல, பாதி நகையைக் குடுத்துடுங்க, மீதியை வச்சுக்குங்க." வட்டியோடு 40,000 கட்டி, 80,000க்கு ரெண்டு பவுன் வளையலை மட்டும் திருப்பி வைத்துவிட்டு, ரெண்டு பவுன் செயினைக் கையோடு வாங்கி வந்துவிட்டாள். இந்த யோசனை எனக்கு வந்திருக்காது. மஞ்சள் துணியில் வைத்து எடுத்த போட்டோவை இந்தப் பக்கத்தில் பிரிண்ட் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

டிசம்பர் 5
அனுப்பியது 2,000 | ரேட் 24.37 | கட்டணம் 15.75 | வந்தது ரூ. 48,740 | நிஜ ரேட் 24.18
வீடு 12,000, அம்மா 2,500, வட்டி 1,800, அசல் 40,000. கையிருப்பு 8,315.
டாலர் 90 ரூபாயைத் தாண்டிய வாரம். இந்த வருஷத்தில் நல்ல ரேட் இதுதான், கூட வந்ததெல்லாம் அசலுக்கே.

வருஷக் கூட்டல்

| தலைப்பு | ரூபாய் |
|---|---|
| வீடு | 1,44,000 |
| அம்மா | 44,000 |
| படிப்பு | 46,000 |
| விசேஷம் | 46,000 |
| வட்டி (கைமாத்து 24,700 + நகை 10,800) | 35,500 |
| அசல் (கைமாத்து 1,00,000 + நகை 40,000) | 1,40,000 |
| கையிருப்பு | 8,315 |
| மொத்தம் | 4,63,815 |

அனுப்பியது 19,675 திர்ஹம். கட்டணம் 198.45. வருஷ நிஜ ரேட் 23.34.

கட்டணம் ரூபாய்க் கணக்கில் 4,630 சுமார். வட்டி 35,500. பஸ்ஸில் உட்கார்ந்து பைசா பைசாவாக ரேட் பார்த்த நேரத்தில், மே முதல் நவம்பர் வரை 90,000 அசல் அசையாமல் நின்று மாசம் 1,800 தின்றது. கல்யாணமும் ஃபீஸும் கண்ணும் ஒன்றாக வந்ததால் வேறு வழி இருக்கவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன்.

2026 ஜனவரிக்கு எடுத்துச் செல்வது
கைமாத்து அசல் 50,000, ஜனவரி வட்டி 1,000. நகைக்கடன் 80,000, ரெண்டு பவுன், கெடு நவம்பர். கையிருப்பு 8,315.
புதுத் தலைப்பு ஒன்று, அவள் கேட்டது: "எனக்கு", மாசம் 1,000. தையல் மிஷினுக்குச் சேர்க்கிறாளாம். கைமாத்து வட்டியில் குறைந்த 800ஐ இதற்கே திருப்பிவிட்டேன், மீதி 200 என் மெஸ் காசிலிருந்து.