பொருள்: செப்டெம்பர் 15–21 பிழைப் பதிவு, மல்லாவிக் கொடுப்பனவு பற்றி புதன்கிழமைக்குள் உங்கள் முடிவு தேவை

ஐயா,

வணக்கம். பால் சேகரிப்பு முறைமையின் கடந்த வாரப் பிழைப் பதிவை முழுதும் பார்த்தேன். அதில் 3,127 வரிகள் இருக்கின்றன. எண்ணிக்கை பயமுறுத்தினாலும் உண்மையில் நடந்த பிரச்சினைகள் மூன்றுதான். ஒரு தகவல் போய்ச் சேராவிட்டால் போன் 30 செக்கனுக்கு ஒருமுறை திரும்ப அனுப்பிப் பார்க்கும். ஒவ்வொரு முறையும் ஒரு வரி விழும். பெரும்பாலான வரிகள் அப்படிச் சேர்ந்தவை. ஆனால் உங்கள் முடிவு தேவைப்படும் விடயத்துக்கு மொத்தமே 23 வரிகள். அதை முதலில் சொல்கிறேன்.

மல்லாவி நிலையத்தில் 17ஆம் திகதி புதன் முதல் 21ஆம் திகதி ஞாயிறு வரை 11 பண்ணையாளர்களின் 23 பதிவுகளில் கொழுப்பு அளவு தவறாக ஏறியிருக்கிறது. 16ஆம் திகதி மாலை எல்லாப் போன்களிலும் புதிய பதிப்பைப் போட்டோம். மல்லாவிப் போனின் விசைப்பலகை புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி போடுகிறது. பழைய பதிப்பு அதைப் பொருட்படுத்தவில்லை. புதியது "4,6" என்றால் அதை எண்ணாகவே ஏற்காமல், தானாக 3.5 என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டது. திரையில் எந்த எச்சரிக்கையும் வரவில்லை, அதனால் நிலையப் பொறுப்பாளருக்கு இது தெரிய வழியில்லை. பதிவில் இப்படி இருக்கிறது:

```
2025-09-19 06:14 WARN fat="4,6" invalid, default 3.5 used
```

நல்லவேளையாக, அவர் அடித்த உண்மையான அளவும் இதே வரியில் இருக்கிறது. ஆகவே 23ஐயும் திருத்தலாம். விலை கொழுப்பைப் பார்த்துத்தான் போடப்படுகிறது. இப்படியே விட்டால் வெள்ளிக்கிழமை 26ஆம் திகதிக் கொடுப்பனவில் 19 பதிவுகளுக்குக் காசு குறையும், 4 பதிவுகளுக்குக் கூடும். குறைந்தவர்கள் நிச்சயம் கேட்டு வருவார்கள். கூடியவர்கள் வரமாட்டார்கள்.

அடுத்தது வியாழன் காலை நீங்கள் போனில் கேட்ட விடயம். 18ஆம் திகதி காலை 5.52 முதல் 8.31 வரை, அதாவது 2 மணி 39 நிமிடங்கள், ஒன்பது நிலையங்களிலிருந்தும் எதுவும் சேர்வரில் பதியவில்லை. இது ஒரேயொரு முறை நடந்தது. 2,640 வரிகள் இதற்குரியவை. சேர்வரின் சேமிப்பிடம் நிரம்பிவிட்டது. ஒவ்வொரு இரவும் தரவின் பிரதி ஒன்று எடுக்கப்படுகிறது, ஆனால் பழைய பிரதிகளை அழிக்க ஏற்பாடு இருக்கவில்லை. களஞ்சியம் நிரம்பிய பிறகு வரும் மூட்டையை எங்கே இறக்குவது என்ற நிலைதான். பழையவற்றை அழித்ததும் வேலை செய்தது. இப்போது கடைசி 14 நாட்களின் பிரதிகள் மட்டுமே வைக்கப்படுகின்றன. அந்த நேரத்துப் பதிவுகள் போன்களிலேயே தங்கியிருந்து 8.31க்குப் பிறகு வந்து சேர்ந்தன. ஒன்பது நிலையங்களின் கைப்புத்தக லீற்றர் கணக்கோடு ஒப்பிட்டோம், எல்லாம் சரி. ஒரு லீற்றரும் தவறவில்லை.

மூன்றாவது ஒட்டுசுட்டான். திங்கள், செவ்வாய், புதன், வெள்ளி, சனி ஆகிய ஐந்து நாட்களும் காலை 6.30க்கும் 7.30க்கும் இடையில் இணைப்பு விட்டுப்போயிருக்கிறது, சராசரியாக நாளொன்றுக்கு 46 நிமிடங்கள் (464 வரிகள்). வியாழன் சேர்வரே படுத்திருந்ததால் அன்றைக்கு அங்கே சிக்னல் இருந்ததா இல்லையா என்று பதிவிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. ஞாயிறு பிரச்சினை இல்லை. தரவு இழப்பும் இல்லை; லொறிக்கான சிட்டை பிந்துவது மட்டுந்தான் தொல்லை. ஐந்து நாட்களும் அதே நேரத்தில் நடந்ததால் போனில் பழுது இருக்காது என்று நினைக்கிறேன், ஆனால் காரணம் இதுதான் என்று இந்தப் பதிவை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன். வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றைப் போட்டு ஒரு வாரம் பார்க்கலாம். செலவு பெரிதில்லை.

மல்லாவிப் போனில் இன்று மதியம் திருத்திய பதிப்பைப் போட்டாயிற்று. இனி காற்புள்ளி வந்தாலும் ஏற்கும். எண் புரியாவிட்டால் தானாக எதையும் எழுதாமல் பொறுப்பாளரிடம் கேட்கும்.

உங்களிடமிருந்து எனக்குத் தேவையானது இவைதான்: 19 பதிவுகளையும் இந்த வாரமே உயர்த்தித் திருத்த அனுமதி, கூடுதலாகப் போகவிருக்கும் 4 பதிவுகளைக் குறைப்பதா, அப்படியே விடுவதா என்ற முடிவு. குறைப்பதென்றால் அந்தப் பண்ணையாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. பட்டியல் புதன் 24ஆம் திகதி பிற்பகல் கணக்குப் பிரிவுக்குப் போகிறது, அன்று மதியத்துக்கு முன் சொன்னால் போதும். பெயர்களும் பழைய, புதிய தொகைகளும் இணைப்பில் இருக்கின்றன.

நன்றி.

கணினிப் பிரிவு, கிளிநொச்சி
22.09.2025