தனுஷ்கோடி தேவாலயம்: லினோகட் அச்சு, 7/25

1964 புயலில் சிதைந்த சுவர்களை நேரில் வரைந்து, லினோலியத்தில் செதுக்கி, கரண்டியின் பின்புறத்தால் தேய்த்துக் கையாலேயே எடுத்த அச்சு. கணினிப் பிரதி அல்ல. கறுப்பு எண்ணெய் மை. வானத்தில் மை சற்றுத் திட்டுத் திட்டாக இருக்கும், அதை நான் குறையாக நினைக்கவில்லை.

காகிதம் ஜப்பானியக் கோசோ. மெல்லியது, ஆனால் எளிதில் கிழியாது. படம் 30 × 20 செ.மீ., ஓரத்துடன் காகிதம் 38 × 28 செ.மீ. சுவரில் இடம் பார்ப்பவர்கள் சட்டத்தின் வெளி அளவான 46 × 36 செ.மீட்டரைக் கணக்கில் கொள்ளுங்கள். தேக்குச் சட்டம், அமிலமற்ற அட்டை, கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக்.

மொத்தம் 25 பிரதிகள். எண்ணும் கையெழுத்தும் பென்சிலில். லினோலியத்தைக் குறுக்கே கீறிவிட்டேன், இனி அச்சிட முடியாது. சட்டத்துடன் ரூ.6,500, சட்டமின்றி ரூ.4,200, குழாயில் சுருட்டி அனுப்புவேன்.