கிளிநொச்சி வான்: திங்கள் முதல் ஏறும் இடம், நேரம், காசு

எல்லோருக்கும் வணக்கம். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் துண்டு துண்டாகக் கதைத்ததை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். பிறகு "எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை" என்று யாரும் சொல்லக்கூடாது.

வருகிற திங்கட்கிழமையிலிருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சி அலுவலகத்துக்கும் இடையே என்னுடைய டவுன்ஏஸ் வானில் போய் வருவோம். என்னோடு சேர்த்து எட்டுப் பேர். அதற்கு மேல் இடமில்லை. நடுவில் பலகை போட்டு இன்னும் ஒருவரை இருத்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. அது வேண்டாம். எண்பது கிலோமீற்றர் ஏ9 வீதியில் பலகையில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

காலையில் ஏறும் இடங்கள்:

குருமன்காடு சந்தி, மருந்துக் கடைப் பக்கம் – 6.25 (தர்சினி அக்கா, நான்)
மணிக்கூட்டுக் கோபுரம் – 6.35 (சிவரூபன், கணக்குக் கிளைத் தம்பி)
தாண்டிக்குளம், பிரதான வீதி – 6.42 (ரமணி ரீச்சரின் மகள்)
ஓமந்தை பஸ் தரிப்பிடம் – 6.55 (நகுலன் அண்ணா)
புளியங்குளம் சந்தி – 7.08 (காணிக் கிளை வசந்தி)
மாங்குளம் சந்தி, முல்லைத்தீவு வீதி திரும்பும் இடத்துக்குச் சற்று முன்னால் – 7.38 (கஜன்)

அலுவலக வாசலில் 8.15. விரல் அடையாளம் வைக்க 8.30 வரை நேரம் இருக்கிறது. அந்தப் பதினைந்து நிமிடம் வழியில் மாடு நின்றால், மழை பெய்தால், ரயருக்குக் காற்றுப் போனால் சமாளிப்பதற்கு. நாங்கள் பிந்தி வருவதற்கு இல்லை. அதைப் பிரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் போன வருடம் நாங்கள் சேர்ந்து போன வான் ஒவ்வொரு சந்தியிலும் ஐந்து ஐந்து நிமிடமாகக் காத்திருந்து, கடைசியில் மாங்குளத்தில் ஏறுகிற ஆள்தான் மாதத்தில் நாலு நாள் சிவப்பு விழுந்தார். அவர் மட்டும் ஒவ்வொரு நாளும் நேரத்துக்கு வந்து நின்றவர்.

அதனால் காத்திருப்பு இரண்டு நிமிடம். குழுவில் "கோபுரம் தாண்டினேன்", "ஓமந்தை தாண்டினேன்" என்று சிவரூபன் போட்டுக்கொண்டு வருவார். நான் ஓட்டும்போது கைபேசியைத் தொட மாட்டேன், அழைத்தாலும் எடுக்க மாட்டேன். நகுலன் அண்ணா, உங்களுக்குத்தான் இது: ஒரு காலத்தில் ஓமந்தைச் சோதனைச் சாவடியில் பையை அவிழ்த்துக் கட்டி மணிக்கணக்கில் நின்ற ஆட்கள் நாங்கள். அந்தக் கடன் எல்லாம் தீர்ந்துவிட்டது. இப்போது அங்கே இரண்டு நிமிடம்தான்.

வசந்தி வீட்டிலிருந்து சந்திக்கு வர ஒழுங்கையில் வெளிச்சம் இல்லை என்று சொன்னார். மாரி தொடங்கினால் ஏழு மணிக்கும் மூடிக்கொண்டுதான் இருக்கும். அவர் சந்திக்கு வந்து ஏறாமல் கடை வாசலிலேயே நிற்கட்டும், நான் அங்கே நிறுத்துகிறேன். இதை ஒரு முன்னுதாரணமாக எடுத்துக்கொண்டு மற்றவர்கள் வீட்டுப் படலைக்கு வான் கேட்க வேண்டாம்.

இனிக் காசு. என் வான் மீட்டரில் குருமன்காட்டிலிருந்து அலுவலகம் ஏறக்குறைய 80 கிலோமீற்றர். போய் வர 160. லீற்றருக்கு 10 ஓடுகிறது, ஆக 16 லீற்றர் டீசல். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 4800. ரயர், எஞ்சின் எண்ணெய், சர்வீஸ் என்று நாளுக்கு 700 சேர்த்தால் 5500. எட்டால் பிரித்துச் சமமாகப் போடலாம் என்று கணக்குக் கிளைத் தம்பி சொன்னார். கணக்கு சரி, நியாயம் சரியில்லை. மாங்குளத்தில் ஏறுகிறவர் குருமன்காட்டுக்காரர் அளவு கொடுப்பது எப்படி? தூரத்தின்படி பங்கு போட்டிருக்கிறேன்.

வவுனியாவில் ஏறும் ஐந்து பேரும், நானும் உட்பட, நாளுக்கு 800 ரூபா. ஓமந்தை 700. புளியங்குளம் 500. மாங்குளம் 300. கூட்டிப் பாருங்கள், 5500 வரும். போக வர இரண்டுக்கும் சேர்த்த காசு இது. ஒரு வழி மட்டும் வருகிற நாளில் பாதி. பஸ்ஸை விடச் சற்றுக் கூடத்தான். ஆனால் நின்றுகொண்டு போக வேண்டியதில்லை.

டீசல் விலை மாறினால் அடுத்த மாதக் கணக்கில் மாற்றுவோம், நடுவில் இல்லை. டீசல் பற்றுச்சீட்டுகளைத் தர்சினி அக்கா வைத்திருப்பார், யாரும் எப்போதும் பார்க்கலாம். இது ஹயர் இல்லை. எனக்கு ஒரு சதம் இலாபம் இல்லை, எடுக்கவும் கூடாது. தனியார் வாகனத்துக்குரிய காப்புறுதியோடு ஓடுகிற வான் இது, கூலிக்கு ஆள் ஏற்றினால் ஒரு விபத்தில் காப்புறுதி கைவிரித்துவிடும். ஆகவே வழியில் தெரிந்தவர் கை காட்டினாலும், "ஒரு நூறு ரூபா தாறன்" என்றாலும் ஏற்ற மாட்டோம். மனம் கேட்காதுதான்.

லீவு எடுப்பதென்றால் முதல் நாள் இரவு எட்டு மணிக்குள் குழுவில் சொல்லுங்கள். சொன்னால் பாதிக் காசு, சொல்லாவிட்டால் முழுக் காசு. நீங்கள் வராவிட்டாலும் வான் அதே டீசலைத்தான் குடிக்கும். சுகமில்லை, செத்த வீடு என்றால் இந்தக் கதையே இல்லை, ஒன்றும் தர வேண்டாம். எனக்கு லீவு என்றால் சிவரூபன் ஓட்டுவார், உரிமம் இருக்கிறது. இருவருக்கும் ஏலாவிட்டால் வான் இல்லை, அன்றைக்குக் காசும் இல்லை. மாதக் காசை 25ஆம் திகதிக்குப் பிறகு சம்பளம் வந்த கையோடு அக்காவிடம் கொடுங்கள்.

திரும்புவது 4.25க்கு, அலுவலக மாமரத்தடியில் இருந்து. கூட்டம் இழுபட்டால் 4.45 வரை நிற்போம், அதற்கு மேல் நிற்பவர் பஸ் பார்க்க வேண்டும். இருட்டுவதற்குள் கனகராயன்குளம், புளியங்குளம் தாண்ட வேண்டும். பின்னேரம் வீதியில் படுத்திருக்கிற கறுத்த மாட்டுக்கு நம் ஹெட்லைட் ஒரு பொருட்டே இல்லை. சில இடங்களில் யானையும் கடக்கும். 70க்கு மேல் ஓட்டச் சொல்லி யாரும் அவசரப்படுத்த வேண்டாம்.

முறிகண்டியில் பிள்ளையாருக்கு முன்னால் காலையில் நிறுத்துவதில்லை, மெதுவாக்குவேன், கும்பிட்டுக்கொள்ளுங்கள். திங்கள் முதல் நாள் என்பதால் மட்டும் இறங்கித் தேங்காய் உடைப்போம். தேங்காய் என் கணக்கு. பின்னேரம் ஐந்து நிமிடம் நிற்கலாம், கச்சான் வாங்கலாம். ஆனால் கோதை வாங்கிய பையிலேயே போடுங்கள். போன மாதம் சீற்றைக் கழற்றியபோது அடியில் இருந்த கோதை அள்ளி எங்கள் வீட்டு மாதுளைக்குப் பசளையாகப் போட்டேன், அவ்வளவு இருந்தது.

முன் சீற் வாரம் ஒருவருக்கு. கஜனுக்கு வளைவில் தலை சுற்றும் என்றார். ஏ9 இல் வளைவு எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை, ஆனாலும் முதல் வாரம் அவருக்கே.

சரி, வருகிறவர்கள் வெள்ளி பின்னேரத்துக்குள் "ஓம்" என்று ஒரு வார்த்தை போடுங்கள். யாராவது விலகினால் கிளிநொச்சிக்கு இடமாற்றமாகி வந்திருக்கிற பதிவறைத் தங்கச்சி தாண்டிக்குளத்தில் ஏறக் காத்திருக்கிறார்.

தயாபரன்