கதவுக்குப் பின்னால் ஒரு கோடு

காலையில் எழுந்ததும் கதிரவன் செய்கிற முதல் வேலை, சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் குதிகாலையும் முதுகையும் ஒட்டி நின்று, கணக்கு நோட்டைத் தலைமேல் கிடையாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அம்மா, கோடு போடு" என்று கூப்பிடுவதுதான். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, தோசை மாவு ஒட்டிய கையைப் புடவையில் துடைத்தபடி வந்து பென்சிலால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவாள். மார்ச் மாதத்திலிருந்து கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகவே விழுந்ததால், அவை கரிக்கட்டையால் தீற்றியது போல ஒரே தடிப்பாகிவிட்டிருந்தன. அளவு நாடாவை வைத்துப் பார்த்தால் 149 சென்டிமீட்டர்.

பெரியகுளத்தில் பிறந்த பையனுக்குக் கூடைப்பந்து ஆட வேண்டும் என்ற ஆசை எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கமாட்டார்கள். கோடையில் அங்கே நடக்கும் அகில இந்தியப் போட்டிக்கு வங்கி, ரயில்வே, ராணுவ அணிகளின் ஆட்டக்காரர்கள் வந்து இறங்கும்போது, தென்கரை டீக்கடைகளில் அவர்கள் குனிந்து நுழைவதைப் பார்ப்பதற்கே பையன்கள் கூடிவிடுவார்கள். கதிரவனும் ஐந்தாம் வகுப்பிலிருந்து அந்தக் கூட்டத்தில் நின்றவன். பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் பிரிவில் போன ஆண்டுவரை பள்ளி அணியின் ஆட்டத்தை நடத்தியவன் அவன்தான். இடக்கையாலும் வலக்கையாலும் ஒரேபோலப் பந்தைத் தட்டிக்கொண்டு, எதிராளியின் இடுப்புக்குக் கீழே புகுந்து போய்விடுவான். ஆனால் பத்தாம் வகுப்புக்கு வந்ததும் பதினேழு வயதுப் பிரிவுக்குப் போக வேண்டும். கூடை அதே பத்தடி உயரத்தில்தான் இருக்கிறது. அதற்குக் கீழே நின்று கை தூக்குகிறவர்கள்தான் மாறிவிட்டார்கள்.

அவர்களில் முதல் ஆள் சலீம். ஒன்பதாம் வகுப்பு தொடங்கியபோது இருவரும் ஒரே உயரம். பொங்கல் விடுமுறை முடிந்து வந்தபோது சலீமின் குரல் உடைந்திருந்தது. முழுப் பரீட்சை எழுத வந்தபோது அவனுடைய கால்சட்டை கணுக்காலுக்கு மேலே நின்றது. இப்போது அவனோடு பேசுவதென்றால் கதிரவன் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. சலீம் நல்லவன். நண்பனைத் தேற்றுவதற்காக ஒருநாள் கைபேசியில் எதையோ தேடி எடுத்துக் காட்டினான்.

"மாப்ள, மக்ஸி போக்ஸ்னு ஒருத்தர். அஞ்சடி மூணு இஞ்சுதான். என்.பி.ஏ.ல பதினாலு சீசன் ஆடியிருக்கார். உனக்கென்னடா?"

கதிரவன் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தான். அஞ்சடி மூன்று அங்குலம் என்றால் 160 சென்டிமீட்டர். என்.பி.ஏ. வரலாற்றிலேயே குள்ளமான அந்த ஆட்டக்காரர்கூட அவனைவிடப் பதினொரு சென்டிமீட்டர் உயரம். இதைச் சலீமிடம் அவன் சொல்லவில்லை.

கோடை விடுமுறை முழுவதும் அவன் செய்த காரியங்களை வரிசையாகச் சொன்னால் சிரிப்பாக இருக்கும். அவனுக்கு அப்போது அவை சிரிப்பாக இல்லை. மாந்தோப்பில் தாழ்ந்திருந்த ஒரு கிளையில் உள்ளங்கை காய்க்கும்வரை தினமும் தொங்கினான். இரண்டு வேளை முட்டை கேட்டு அம்மாவிடம் சண்டை போட்டான். அப்பா வேலை பார்க்கும் மாங்காய் மண்டிக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது, அங்கே கூடை தூக்கும் ஆட்களில் யார் யார் எத்தனை வயதில் வளர்ந்தார்கள் என்று விசாரித்தான். அப்பாவின் உயரம் அஞ்சடி நான்கு. அந்தப் பக்கம் நம்பிக்கை இல்லை. ஆனால் அம்மாவின் தம்பி ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைவு. "உங்க மாமன் பத்தாவது முடிக்கிறவரைக்கும் முதல் பெஞ்சுதான்டா. அப்புறம் ஒரே வருஷத்துல பனமரம் மாதிரி போயிட்டான்" என்று அம்மாச்சி சொன்ன வாக்கியத்தை, சாமி படத்துக்கு முன்னால் சொல்லும் சுலோகம் போல அவன் படுக்கும் முன் நினைத்துக்கொள்வான்.

ஒரேயொரு உண்மையான கண்டுபிடிப்பையும் அந்த விடுமுறையில் அவன் செய்தான். ஒருநாள் மாலையில் அளந்தபோது 148 வந்தது. பதறிப்போய் மறுநாள் காலையில் அளந்தான், பழையபடி 149. பகலெல்லாம் நின்றும் நடந்தும் ஓடியும் முதுகெலும்புக் கணுக்களுக்கு இடையிலுள்ள வட்டுகள் அழுந்திவிடுகின்றன என்றும், இரவு படுத்துத் தூங்கும்போது அவை மறுபடி உப்புகின்றன என்றும் அறிவியல் ஆசிரியர் பின்னர் விளக்கினார். அதைக் கேட்டதிலிருந்து, பள்ளி அணிக்கான தேர்வு காலையில் நடந்தால் நன்றாயிருக்கும் என்று கதிரவன் வேண்டிக்கொள்ளத் தொடங்கினான்.

பள்ளி திறந்த வாரத்தில் மாணவர்களைப் பரிசோதிக்க அரசு மருத்துவக் குழு வந்தது. எடை, உயரம், கண் பார்வை எல்லாம் பார்த்து எழுதிக்கொண்ட டாக்டரம்மா, கதிரவன் எழுந்து போகாமல் தயங்கி நிற்பதைக் கண்டு என்னவென்று கேட்டார். அவன் கேட்டுவிட்டான்.

"நான் எப்ப மேடம் வளருவேன்?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. சில பையன்களுக்குப் பன்னிரண்டு வயதிலேயே தொடங்கிவிடும், சிலருக்குப் பதினைந்தில்கூடத் தொடங்கும், வீட்டில் யாராவது தாமதமாக வளர்ந்திருந்தால் அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று சொன்னார். பிறகு அவனுடைய கையை விரித்துப் பார்த்துவிட்டு, "செருப்பு, ஷூ எல்லாம் எத்தனை மாசத்துக்கு ஒருதடவை மாத்துற?" என்று கேட்டார்.

"தீபாவளிக்குத் தீபாவளி மேடம்."

"சின்னதாப் போச்சுன்னு மாத்துறியா, பிஞ்சுபோச்சுன்னு மாத்துறியா?"

"பிஞ்சுதான் போகும்."

"சரி, கவனிச்சுட்டே இரு" என்று சொல்லி அடுத்த பையனைக் கூப்பிட்டார். உயரத்தைப் பற்றிக் கேட்டால் செருப்பைப் பற்றிக் கேட்கிறாரே என்று கதிரவனுக்கு எரிச்சலாக இருந்தது.

அணித் தேர்வு ஜூன் மூன்றாம் வாரம், வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். மாலை நான்கு மணி! அன்றைக்கு மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, கதிரவன் கடைசி பெஞ்சில் மல்லாந்து படுத்துக்கொண்டான். காலையில் இருந்த சென்டிமீட்டரை நான்கு மணிவரை பத்திரமாகக் கொண்டுபோக அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். தயிர்சாதத்தையும் படுத்தபடியே உருட்டித் தின்றான். சலீம் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை எட்டும்படி வைத்துவிட்டுப் போனான்.

பையில் பழைய செய்தித்தாளில் சுற்றி அவன் ஷூ இருந்தது. போன தீபாவளிக்கு அப்பா மண்டியில் முன்பணம் வாங்கி எடுத்துத் தந்தது, ஐந்தாம் நம்பர். அடிப்பாகம் தேய்ந்துவிடக் கூடாது என்று மார்ச்சுக்குப் பிறகு அவன் அதைத் தொடவே இல்லை. விடுமுறை ஆட்டமெல்லாம் வெறுங்காலோடும் வார் செருப்போடும் ஓடிவிட்டது. மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து ஷூவுக்குள் காலை நுழைத்தபோது, புழங்காமல் கிடந்ததால் இறுகிவிட்டது என்று நினைத்தான். நாடாவைத் தளர்த்தி, குதிகாலைத் தரையில் இரண்டு முறை குத்தி உள்ளே தள்ளினான்.

பி.டி. சார் அறையின் வெளிச்சுவரில் பெயிண்டால் உயரக்கோடுகள் போட்டிருக்கும். ஒவ்வொருவராக ஷூவைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். கதிரவன் மூச்சை இழுத்து, முதுகை நீட்டி, கழுத்தை ஆமை போல வெளியே எடுத்து நின்றான். சார் ஸ்கேலை வைத்தார். "நூத்தி நாற்பத்தொம்பது" என்று எழுதிக்கொண்டு, பேனாவை மூடாமலே அடுத்த பையனைப் பார்த்தார். மதியம் முழுவதும் படுத்துக் கிடந்தது வீண்போகவில்லை என்று வேண்டுமானால் சொல்லலாம்.

தேனிப் பக்கத்து ஆனிக் காற்று எப்படி அடிக்கும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். மேற்கு மலைகளிலிருந்து இறங்கி வருகிற அந்தக் காற்றில், திறந்தவெளி மைதானத்தில் தூரத்திலிருந்து எறியும் பந்து கூடைக்கு ஒரு முழம் தள்ளித்தான் விழும். அதனால் எல்லோரும் உள்ளே புகுந்து லே-அப் போடத்தான் முயல்வார்கள். அது கதிரவனுக்குச் சாதகமான ஆட்டம். முதல் மூன்று நிமிடங்களில் இரண்டு முறை பந்தைப் பறித்தான். ஒருமுறை சலீமின் அக்குளுக்குக் கீழே நுழைந்து பலகையில் தட்டிக் கூடையில் போட்டான். சார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார்.

அதற்குப் பிறகு விரல்கள் வலிக்கத் தொடங்கின. ஓடிவந்து சட்டென்று நிற்கும்போதெல்லாம் இரண்டு கட்டைவிரல்களும் ஷூவின் முனையில் போய் மோதின. நகத்தடியில் ஊசி ஏற்றுவது போல இருந்தது. வலியைத் தவிர்க்க அவன் குதிகாலால் நிற்கப் பார்த்தான். குதிகாலால் நிற்கிறவனால் திரும்ப முடியாது. நான்காவது நிமிடத்தில் கையிலிருந்த பந்து காலில் பட்டு வெளியே உருண்டது. ஏழாவது நிமிடத்தில், யாரும் தடுக்காத ஒரு லே-அப்புக்கு எழும்பப்போய், எழும்பாமல் தடுக்கி, சிமெண்டுத் தரையில் முழங்கையைத் தேய்த்துக்கொண்டு விழுந்தான்.

"என்னடா காலுல?"

"ஒண்ணுமில்ல சார்."

ஆட்டம் முடிந்ததும் சார் பன்னிரண்டு பெயர்களைப் படித்தார். சலீம் இரண்டாவது. கதிரவன் பெயர் இல்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்த பிறகு, ஏதோ நினைத்துக்கொண்டவர் போல இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டு, குறுவட்டப் போட்டிக்கு முன்னால் யாருக்காவது அடிபட்டால் தேவைப்படும், அதுவரை காலைப் பயிற்சிக்கு வந்துகொண்டிருக்க வேண்டும் என்றார். அந்த மூன்று பேரில் கதிரவன் கடைசி.

வீட்டுக்கு வந்தபோது அப்பா திண்ணையில் உட்கார்ந்து, மண்டியிலிருந்து கொண்டுவந்த அடிபட்ட மாம்பழங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். மகன் நொண்டுவதைப் பார்த்துவிட்டு, காலைத் தூக்கித் தம் மடியில் வைத்துக் காலுறையை உருவினார். இரண்டு கட்டைவிரல் நகங்களும் அடியில் ரத்தம் கட்டிக் கறுத்திருந்தன.

"ஷூ பிடிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானப்பா."

"முந்தி பிடிக்கலப்பா. அதே ஷூதான்."

அப்பாவுக்குக் கோபம் வந்தது. எட்டு மாதம்கூட ஆகவில்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று எண்ணினார். எழுந்துபோய் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி வந்தார். முதலில் அதை ஷூவுக்குள் குதிப்பக்கம் முட்டும்படி விட்டு, முனைவரை அளந்து, சரியாக ஒடித்தார். அந்தத் துண்டைப் பிறகு மகனுடைய பாதத்தின் அடியில் வைத்து, குதிகாலோடு ஒரு நுனியைச் சேர்த்துப் பிடித்தார். மறுநுனி கட்டைவிரலின் பாதியிலேயே நின்றுவிட்டது. அரை விரற்கடைக்கு மேலாகவே காலின் பக்கம் மிச்சம் இருந்தது.

அவர் குச்சியைத் திருப்பி வைத்துப் பார்த்தார். இன்னொரு காலுக்கும் வைத்துப் பார்த்தார்.

"ஏம்மா, இங்க வா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார். "வரும்போது அந்தப் பென்சிலையும் எடுத்துட்டு வா."