மூன்றாம் இயல் வரைவு: மாத்திரை உட்கொள்ளலை அளந்த முறை (கருத்து வேண்டி)

அன்புள்ள மேடம்,

வணக்கம். மூன்றாம் இயலின் முதல் வரைவை இணைத்திருக்கிறேன். மொத்தம் 31 பக்கம். இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்கள் மாத்திரையை உண்மையில் எவ்வளவு ஒழுங்காகச் சாப்பிடுகிறார்கள் என்பதை எப்படி அளந்தோம், ஏன் அப்படி அளந்தோம் என்பதுதான் இந்த இயல். 3.1 முதல் 3.4 வரை நான் திருப்தியாக எழுதிய பகுதி. 3.5, அதாவது புள்ளியியல் பகுப்பாய்வு, இன்னும் குறிப்புகளாகத்தான் இருக்கிறது. அதை இப்போது படிக்க வேண்டாம். எழுத்துப் பிழை, மேற்கோள் வடிவம், அட்டவணை எண்கள் எல்லாவற்றையும் கடைசியில் ஒரே மூச்சாகப் பார்த்துக்கொள்கிறேன், அவற்றில் உங்கள் நேரம் போக வேண்டாம்.

உங்கள் கருத்து எனக்கு மிகவும் தேவைப்படும் இடம் 3.3, பக்கம் 14 முதல் 19 வரை. மாத்திரை எண்ணிக்கையை வழக்கமான முறையில்தான் கணக்கிட்டிருக்கிறேன்: கொடுத்ததிலிருந்து திரும்பி வந்ததைக் கழித்து, அந்த நாட்களில் சாப்பிட்டிருக்க வேண்டிய எண்ணிக்கையால் வகுத்து, நூறால் பெருக்குவது. சிலருக்கு இது 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. பலர் செய்வதுபோல அதை 100 என்று வெட்டிவிடலாம். ஆனால் 100-ஐத் தாண்டுவது ஒரு தகவல் என்று எனக்குத் தோன்றுகிறது. மருத்துவரைப் பார்க்க வருவதற்கு முன் மீதி மாத்திரைகளைக் கொட்டிவிட்டிருக்கலாம், வீட்டில் வேறொருவருக்குக் கொடுத்திருக்கலாம், தெரியாமல் இரண்டு வேளை போட்டிருக்கலாம். மூன்றும் மூன்று கதை, எண்ணிக்கையில் மட்டும் ஒன்றுபோலத் தெரிகின்றன. அதனால் அவர்களைத் தனிக் குழுவாக வைத்து, வெட்டியும் வெட்டாமலும் இரண்டு விதமாகவும் முடிவுகளைக் கொடுத்திருக்கிறேன். இது தேர்வாளர் கண்ணில் கவனமாகத் தெரியுமா, குழப்பமாகத் தெரியுமா? ஒன்றை மட்டும் வைக்கச் சொன்னால் எதை வைப்பது?

அதோடு ஒட்டிய இன்னொரு கேள்வி. மாத்திரைப் புட்டியைத் திரும்பக் கொண்டுவராதவர்களை இப்போதைக்கு இந்தக் கணக்கிலிருந்து விலக்கியிருக்கிறேன். புட்டியைக் கொண்டுவராதவர்களிலேயே மருந்தை விட்டவர்கள் அதிகம் இருக்க வாய்ப்புண்டு, அப்படியானால் நம் சராசரி உள்ளதைவிட உயர்ந்து தெரியும். பக்கம் 18-இல் ஒரு பத்தி மட்டும் எழுதியிருக்கிறேன். இது முறையியலுக்குள்ளேயே விரிவாக வர வேண்டுமா, வரம்புகள் பகுதிக்குத் தள்ளலாமா? உள்ளே வர வேண்டும் என்பது என் எண்ணம், ஆனால் இயல் ஏற்கெனவே நீளம்.

80 சதவீத எல்லையைப் பற்றி ஒரு வார்த்தை. அது இந்தத் துறையில் வழக்கமாக வந்துவிட்ட கோடு, எல்லா மருந்துக்கும் பொருந்தும் உயிரியல் எல்லை அல்ல என்று 3.2-இல் எழுதியிருக்கிறேன். தொனி கொஞ்சம் காரமாக இருக்கிறதோ என்று சந்தேகம். நாமும் அதே கோட்டைத்தானே பயன்படுத்துகிறோம்! அந்தப் பத்தியை மட்டும் படித்து, அடக்கச் சொன்னால் அடக்கிவிடுகிறேன்.

போன சந்திப்பில் வினாத்தாளின் நம்பகத்தன்மை பற்றிய விவரங்களைப் பின்னிணைப்புக்கு அனுப்பச் சொன்னீர்கள். அட்டவணைகளை அனுப்பிவிட்டேன், ஒன்றரைப் பக்க விளக்கத்தை மட்டும் உள்ளே வைத்திருக்கிறேன். நோயாளிகள் தாங்களே சொல்லும் பதில் உண்மையைவிட நல்லதாகவே அமையும் என்ற வாதம் அதை நம்பித்தான் நிற்கிறது, எடுத்தால் அடுத்த பகுதி அந்தரத்தில் தொங்குகிறது. படித்த பிறகும் வெளியே போகலாம் என்று தோன்றினால் சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன்.

மின்னணு மூடிகளைப் பற்றிய பகுதி சுருக்கமாகவே இருக்கிறது. மூடி திறந்த நேரத்தைத்தான் அது பதிவுசெய்யும், மாத்திரை வாய்க்குள் போனதா என்று அதற்குத் தெரியாது. இதற்கு மேல் அங்கே சொல்ல ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டேன்.

ஆய்வுக் குழுக் கூட்டம் அடுத்த மாதம் 20-ஆம் தேதி. குழுவினருக்கு ஒரு வாரம் முன்பே இயல் போக வேண்டும். அதனால் 5-ஆம் தேதிக்குள் உங்கள் குறிப்புகள் கிடைத்தால் திருத்த நிதானமான நேரம் இருக்கும். வேலை நெருக்கடியாக இருந்தால் 3.3-ஐ மட்டும் பார்த்தால் போதும், மற்றவை அப்புறம் பேசிக்கொள்ளலாம். கோப்பிலேயே குறிப்பு எழுதினாலும் சரி, அச்சிட்டுக் கையால் எழுதினாலும் சரி, குரல் செய்தியாக அனுப்பினாலும் சரி. நேரில் பேசுவது எளிது என்றால் செவ்வாய், வியாழன் மதியங்களில் நான் துறையில்தான் இருப்பேன். அச்சுப் பிரதி ஒன்றையும் நாளை உங்கள் மேசையில் வைத்துவிடுகிறேன்.

நன்றி மேடம்.

இப்படிக்கு,
கயல்விழி