வேட்டி காயும் இணையம்

நேற்றுக் காலை மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்ட வந்த பொக்லைன், கம்பத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த ஃபைபர் கேபிளையும் சேர்த்து இழுத்துவிட்டுப் போனது. மொபைல் டேட்டாவில் வாடிக்கையாளர் சேவைக்குச் செய்தி அனுப்பினேன். ஸ்க்ரீன்ஷாட்டில் கம்பெனி பெயரையும் ஆள் பெயரையும் கறுப்படித்திருக்கிறேன். மற்றதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

10:42 நான்: தெருவில் கேபிள் அறுந்து கிடக்கிறது. ஆள் அனுப்புங்கள்.

10:44 அவர்: வணக்கம்! தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம். மோடத்தை அணைத்து, 30 விநாடிகள் கழித்து மீண்டும் இயக்கவும்.

10:45 நான்: மோடம் நன்றாக இருக்கிறது. கேபிள்தான் இரண்டு துண்டு. (படம்)

10:49 அவர்: படத்திற்கு நன்றி! கேபிள் மோடத்தில் சரியாகச் செருகப்பட்டுள்ளதா?

10:50 நான்: இந்த முனை செருகியிருக்கிறது. அந்த முனையை எதிர்வீட்டு அக்கா ஜன்னல் கம்பியில் கட்டி வேட்டி காயப் போட்டிருக்கிறார்.

10:55 அவர்: தங்கள் சிரமத்திற்கு மனமார வருந்துகிறோம். எந்த நிற விளக்கு எரிகிறது?

10:55 நான்: LOS சிவப்பு.

10:59 அவர்: அருமை! மோடத்திற்கும் தங்கள் மொபைலுக்கும் இடையே சுவர் உள்ளதா?

அந்த ‘அருமை’யில்தான் நான் விழுந்தேன். LOS சிவப்பாக எரிந்தால் கேபிள் வழியாக ஒளியே வரவில்லை என்று அர்த்தம். அவர்கள் பெட்டி, அவர்களே வைத்த விளக்கு.

ஆனால் அவரை முழுதாகத் திட்டவும் மனம் வரவில்லை. என் மச்சான் இப்படி ஓர் இடத்தில் இரண்டு வருடம் இருந்தவன். ஒரே நேரத்தில் நாலு பேருடன் பேச வேண்டுமாம். `/sorry1` என்று அடித்தால் மன்னிப்பு முழுசாக வந்து விழுமாம். எனக்கு வந்த மன்னிப்பைக் காட்டினேன். பார்த்ததும், “அட, மாமா, இது ஒண்ணுதான். ரெண்டுன்னா மேனேஜர் பேரு வரும்” என்றான்.

11:03 நான்: சுவர் இருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் தெரு. தெருவில் உங்கள் கேபிள். அதில் வேட்டி.

11:08 அவர்: தகவலுக்கு நன்றி! சுவர் இல்லாத இடத்தில் நின்று மீண்டும் முயற்சிக்கவும்.

சரி என்று தெருவில் போய் நின்றேன். வேட்டிக்குக் கீழேதான் நிழல் இருந்தது.

11:16 அவர்: தங்களிடமிருந்து பதில் இல்லாததால் இந்த உரையாடல் முடிக்கப்படுகிறது. புகார் தீர்க்கப்பட்டது. விவரங்களைப் பெரிய திரையில் காண, வைஃபையில் இணைந்து கீழே உள்ள லிங்க்கைத் திறக்கவும்.

சாயங்காலம் லைன்மேன் தானாகவே போன் செய்தார். “சார், உங்க தெருவுலதான் நிக்கிறேன். வீட்டு நம்பர் எதுவும் சரியாத் தெரியல. வேட்டி காயுதே, அந்த வீடா, எதிர் வீடா?”